பொத்தான் இருக்கிறது, வேலை செய்யவில்லை

மதுரையில் இருக்கும் என் பெரியப்பா மகன் 2020இல் ஒரு புதுக் கார் வாங்கினார். போனிலிருந்தே வண்டியை இயக்கலாம் என்பதுதான் அதில் அவருக்கு ரொம்பப் பிடித்த விஷயம். மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் போனில் ஒரு தட்டு தட்டுவார். தெருமுனையில் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும் கார் தானாகவே ஸ்டார்ட் ஆகி ஏசியைப் போட்டுவிடும். இவர் போய் ஏறும்போது ஸ்டீயரிங் கையைச் சுடாது. மதுரைச் சித்திரை வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து ஏறியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

மூன்று வருஷம் இப்படிப் போனது. 2023இல் ஒரு நாள் தட்டினார். வண்டி அசையவில்லை. உங்கள் சந்தா முடிந்துவிட்டது, புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்று போனில் ஒரு செய்தி வந்தது. புதுப்பிக்க வருஷத்துக்குச் சில ஆயிரம் ரூபாய். “மூணு வருஷம் அனுபவிச்சாச்சு, போகட்டும்” என்று அண்ணன் அதை விட்டுவிட்டார்.

அதற்குச் சில மாதம் கழித்து எல்லோருமாக அந்தக் காரில் திருச்சிக்குப் போனோம். மேலூர் தாண்டி டீ குடிக்க நிறுத்தியிருந்தபோது, முன் கண்ணாடிக்கு மேலே கூரையில் இருந்த சிவப்புப் பொத்தானைக் காட்டி, “சித்தப்பா, இது எதுக்கு?” என்று கேட்டாள் அண்ணன் மகள். ஆபத்தில் உதவி கேட்கும் பொத்தான். மேலே எஸ்ஓஎஸ் என்று எழுதியிருந்தது. கேட்டுக்கொண்டே அதை அழுத்தியும்விட்டாள். இரண்டு விநாடி மௌனம். பிறகு பதிவு செய்த ஒரு குரல், இந்தச் சேவை தற்போது செயல்பாட்டில் இல்லை என்றது. அண்ணன் கையில் டீ டம்ளரோடு அப்படியே நின்றார்.

“ஏண்டா, இது வண்டியோட வந்த பொத்தான்தானே?”

கேள்வி நியாயமானது. பொத்தான் அவருடையது. அதற்குப் பின்னால் ஓடும் ஒயர், ஒயர் போய்ச் சேரும் பெட்டி, பேசுவதற்கான மைக், எல்லாவற்றுக்கும் 2020இலேயே பணம் கொடுத்துவிட்டார். எதற்கு இன்னும் கொடுக்க வேண்டியிருக்கிறது? அதை அவருக்கு விளக்கப் போய்த்தான், இந்த மாதச் சந்தாக்களில் நியாயமானது எது, அநியாயமானது எது என்று பிரித்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் அந்தப் பெட்டி. கனெக்டட் கார் என்று விற்கப்படும் வண்டிகளில் டாஷ்போர்டுக்குள் எங்கோ ஓர் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். டெலிமாடிக்ஸ் யூனிட் என்பார்கள். கழற்ற முடியாதபடி பதித்த ஒரு சிம், இருக்குமிடம் காட்டும் ஜிபிஎஸ், வண்டியின் மற்றக் கணினிகளோடு பேசும் இணைப்பு, இவ்வளவும் அதற்குள் அடக்கம். அண்ணன் மதுரையில் போனைத் தட்டியபோது அந்தக் கட்டளை நேராகத் தெருமுனைக் காருக்குப் போகவில்லை. போனிலிருந்து இணையம் வழியாகக் கம்பெனியின் சர்வருக்குப் போனது. இந்தப் போன் இந்த வண்டிக்காரருடையதுதானா, சந்தா நடப்பில் இருக்கிறதா என்று சர்வர் பார்த்தது. பிறகு செல்போன் கோபுரம் வழியாக வண்டியில் உள்ள சிம்முக்குக் கட்டளை வந்தது. கியர் பார்க்கிங்கில் இருக்கிறதா, கதவெல்லாம் பூட்டியிருக்கிறதா என்று சரிபார்த்த பிறகே எஞ்சின் ஓட ஆரம்பித்தது. இருநூறு அடி தூரத்தில் இருக்கும் வண்டிக்குச் சொல்ல வேண்டிய சொல், ஊரைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தது.

இந்தச் சுற்றுப்பாதையில் யாரோ ஒருவருக்கு மாதாமாதம் செலவு இருக்கிறது. சிம்முக்கு டெலிகாம் கம்பெனிக்குக் கட்ட வேண்டும். சர்வர் இரவும் பகலும் ஓட வேண்டும். எஸ்ஓஎஸ் அழைப்பை எடுத்துப் பேச ஆட்கள் மூன்று ஷிஃப்ட் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆகவே சந்தா என்ற சொல்லைக் கேட்டதுமே கொதிக்க வேண்டியதில்லை. வீட்டு இணைய இணைப்புக்கு மாதாமாதம் கட்டுகிறோம். மோடம் நம்முடையது என்பதற்காக இணைப்பும் இலவசமாக வர வேண்டும் என்று நாம் கேட்பதில்லை. போனிலிருந்து ஏசி போடுவதற்கான பணத்தை இந்தக் கணக்கில் ஒப்புக்கொள்ளலாம். வேண்டுமென்றால் கட்டலாம், வேண்டாமென்றால் ஜன்னலை இறக்கிவிட்டு இரண்டு நிமிஷம் நிற்கலாம்.

சிவப்புப் பொத்தானை அந்தக் கணக்கில் சேர்க்க என் மனம் ஒப்பவில்லை. ஐரோப்பிய ஒன்றியமும் அதைச் சேர்க்கவில்லை. 2018 மார்ச் 31 முதல் அங்கே அங்கீகாரம் பெறும் ஒவ்வொரு புது மாடல் காரிலும் ஈகால் என்ற வசதி சட்டப்படி கட்டாயம். பலமான விபத்து நடந்து காற்றுப்பை விரிந்தால் வண்டி தானாகவே 112ஐ அழைக்கும். இருக்கும் இடம், நேரம், எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது என்ற விவரங்களை அனுப்பும். உள்ளே இருப்பவர் பொத்தானை அழுத்தியும் அழைக்கலாம். இதற்குச் சந்தா கிடையாது. அந்த சிம் மற்ற நேரங்களில் தூங்கிக்கொண்டே இருக்கும். அழைப்பு என்று வந்தால்தான் விழிக்கும். அழைப்பும் கம்பெனியின் கால் சென்டருக்குப் போகாமல் அரசின் அவசர உதவிக்கே போகும். பொத்தானுக்குப் பின்னால் ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும் என்பதெல்லாம் அங்கேயும் உண்மைதான். அந்தச் செலவை யார் ஏற்பது என்பதை மட்டும் சட்டம் வேறு மாதிரி முடிவு செய்திருக்கிறது.

நம் ஊரிலும் 112 என்ற எண் இருக்கிறது. கார் கூரையில் இருக்கும் பொத்தானைத்தான் அதோடு இணைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் அதற்கும் போனிலிருந்து ஏசி போடும் சொகுசுக்கும் ஒரே பில். சந்தா முடிந்ததும் இரண்டும் ஒன்றாகவே நிற்கின்றன. சந்தா முடிந்த காரில் போகிறவர்கள் அந்தப் பொத்தானை நம்பாமல், கையில் இருக்கும் போனில் 112ஐ அழைப்பதே பாதுகாப்பு. இதைக் காரில் ஏறும் பிள்ளைகளுக்கும் சொல்லி வைக்க வேண்டும். சிவப்பாக ஒரு பொத்தான் இருந்தால் அது வேலை செய்யும் என்றுதான் குழந்தை நினைக்கும்.

இதுவரை சொன்ன வசதிகளுக்கு வெளியே யாரோ உழைக்க வேண்டும். அடுத்து வருவது அப்படிப்பட்டதல்ல.

2021 டிசம்பரில் அமெரிக்காவில் டொயோட்டா கார் வைத்திருந்தவர்களுக்கு ஒரு செய்தி தெரிய வந்தது. அங்கே குளிர்காலக் காலையில் கண்ணாடியில் பனி உறைந்திருக்கும். உள்ளே பல் கிடுகிடுக்கும். அதனால் வீட்டுக்குள் இருந்தபடியே எஞ்சினை ஓடவிட்டு வண்டியைச் சூடாக்குவது வழக்கம். இதற்குப் போன் தேவையில்லை. சாவியில் இருக்கும் பூட்டும் பொத்தானை இரண்டு தடவை தட்டி, மூன்றாம் தடவை அழுத்திப் பிடித்தால் போதும். சாவிக்குள் ஒரு சின்ன ரேடியோ, காருக்குள் அதைக் கேட்கும் இன்னொரு ரேடியோ. கதவைத் திறக்கும் அதே ஏற்பாடு. நடுவில் சிம் இல்லை, கோபுரம் இல்லை, சர்வர் இல்லை.

ஆனால் அந்த வசதி ரிமோட் கனெக்ட் என்ற சந்தாவோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தது. கார் வாங்கும்போது வசதிக்கு ஏற்ப மூன்று வருஷம் முதல் பத்து வருஷம் வரை இலவசக் காலம். அது முடிந்த பிறகு மாதம் 8 டாலர் அல்லது வருஷம் 80 டாலர் கட்டினால்தான் சாவி எஞ்சினை எழுப்பும். 2018 வாக்கில் விற்ற வண்டிகளின் மூன்று வருஷம் 2021இல் முடிந்தபோதுதான் பலருக்கு இப்படி ஒரு முடிச்சு இருப்பதே உறைத்தது.

இதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதன் பிற்பகுதி. 2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் தன் 3ஜி சேவையை நிறுத்தியது. பழைய சில டொயோட்டா வண்டிகளில் இருந்த பெட்டிகள் 3ஜியில் மட்டுமே பேசத் தெரிந்தவை. அவற்றுக்கு இனி எந்த இணையச் சேவையும் தர முடியாது, சந்தாவும் விற்க முடியாது. கம்பெனி என்ன செய்தது? 2018 நவம்பருக்கு முன் தயாரான அந்த வண்டிகளுக்கு மட்டும், சாவியால் ஸ்டார்ட் செய்யச் சந்தா வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட முடிவு செய்தது. நெட்வொர்க்கே போன பிறகும் அந்த வண்டிகளில் சாவி வேலை செய்யலாம். அப்படியானால் அந்த 8 டாலருக்கு ஈடாக நெட்வொர்க்கில் எந்த வேலையும் நடக்க வேண்டியிருக்கவில்லை. வண்டிக்குள் இருந்த ஒரு கணினியில், அனுமதி உண்டு, இல்லை என்று ஒரு குறிப்பு இருந்தது. அந்தக் குறிப்பை மாற்றத்தான் பணம்.

பிஎம்டபிள்யூவின் சூடாகும் இருக்கை உலகம் முழுக்கப் பேசப்பட்ட கதை. 2022 ஜூலையில் தென்கொரியாவில் அந்தக் கம்பெனியின் இணையக் கடையில் இருக்கைச் சூட்டுக்கு மாதம் சுமார் 18 டாலர் விலை போட்டிருந்ததைப் பலரும் பார்த்தார்கள். பிரிட்டனில் மாதம் 15 பவுண்டு. இருக்கைக்கு அடியில் சூடாகும் கம்பி ஏற்கெனவே தைத்திருக்கிறது, மின்சாரம் காரின் பேட்டரியிலிருந்து வருகிறது, திரையில் பூட்டு. எதிர்ப்பு அடங்கவேயில்லை. 2023 செப்டம்பரில், வண்டிக்குள் ஏற்கெனவே பொருத்திய பொருளை இயக்க இப்படிப் பணம் கேட்பதை நிறுத்திக்கொள்கிறோம் என்று அந்தக் கம்பெனியே அறிவித்தது. இரண்டு தடவை பணம் வாங்குகிறார்கள் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள், அது உண்மையில்லை என்பது அவர்கள் நிலை. மென்பொருள் சார்ந்த சேவைகளுக்கு வாங்குவது தொடரும் என்றும் சொன்னார்கள்.

அவர்கள் பக்க வாதத்தையும் கேட்க வேண்டும். ஒரே மாடலில் சூடாகும் இருக்கை உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை செய்தால், தொழிற்சாலையில் இரண்டு வகை இருக்கை, இரண்டு வகை ஒயர்க்கட்டு, இரண்டு வகை கையிருப்பு வேண்டும். எல்லா வண்டியிலும் கம்பியைப் பொருத்திவிட்டால் வேலை எளிது, செலவும் மிச்சம். வேண்டாதவர் குறைந்த விலைக்கு வாங்குகிறார், வேண்டியவர் பிறகு திறந்துகொள்கிறார், இதில் என்ன தவறு என்கிறார்கள். ஒரே ஒரு தடவை பணம் வாங்கித் திறந்துவிட்டால் இந்த வாதத்தை நானும் ஒப்புக்கொள்வேன். மாதாமாதம் வாங்கும்போது ஒப்ப முடியாது. கம்பி சூடாவதால் கம்பெனிக்கு இந்த மாதம் ஆகும் செலவு ஒன்றுமில்லை. கூடுதலாக இன்னொன்றும் இருக்கிறது. முதல் சொந்தக்காரர் வண்டியை விற்ற பிறகு, வாங்கியவரிடமும் அதே இருக்கைக்கு மறுபடி வாங்கலாம். ஒருவர் இன்னொருவருக்கு நேரடியாக விற்கும் பழைய காரில் இதுவரை கார் கம்பெனிக்குப் பங்கு கிடையாது. இப்போது பங்கு வருகிறது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், 2030க்குள் மென்பொருள், சேவைகள் வழியாக வருஷத்துக்கு 2,000 முதல் 2,500 கோடி டாலர் வருமானம் வரும் என்று 2021இல் முதலீட்டாளர்களிடம் சொன்னபோது, இப்படிப்பட்ட ஆண்டாண்டு வரவுகளும் அந்தக் கணக்கில் இருந்தன.

எதிர்ப்பால் இந்த வழக்கம் ஓய்ந்துவிடவும் இல்லை. 2025இல் பிரிட்டனில் ஃபோக்ஸ்வாகன் தன் ஐடி.3 மின்சாரக் காரில் இதையே செய்தது. அந்த மோட்டார் 228 குதிரைத்திறன் தரக்கூடியது. வாங்கும்போது 201தான் கிடைக்கும். மீதிக்கு மாதம் 16.50 பவுண்டு, அல்லது ஒரேயடியாக 649 பவுண்டு. பதிவுச் சான்றில் அந்த வண்டி முழுத் திறன் உள்ளதாகவே எழுதப்பட்டிருக்கிறது. அதனால் கூடுதல் திறனைத் திறந்துகொண்டாலும் இன்சூரன்ஸ் மாறாது என்று கம்பெனி விளக்கியது. திறக்காதவரும் முழுத் திறனுக்கு உரிய வண்டியாகத்தான் இன்சூர் செய்கிறார் என்பது அதன் மறுபக்கம். ஒரேயடியாகக் கட்டும் வழியையும் வைத்தார்கள் என்பதை மட்டும் நல்லதாகச் சொல்லலாம்.

காரை விட்டு விரலுக்கு வருவோம். ஓரா என்பது பின்லாந்து நாட்டுக் கம்பெனி செய்யும் மோதிரம். உள்பக்கம் சின்னச் சின்ன விளக்குகளும் ஒளியை உணரும் புள்ளிகளும் இருக்கும். விளக்கு தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சும். இதயம் ஒவ்வொரு தடவை துடிக்கும்போதும் விரலின் ரத்தக் குழாயில் ரத்தம் கூடிக் குறையும். அதற்கேற்பத் திரும்பி வரும் ஒளியும் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நாடித் துடிப்பு. இரண்டு துடிப்புக்கு நடுவிலுள்ள இடைவெளி கொஞ்சம் கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்தால் உடம்பு எவ்வளவு ஓய்வெடுத்திருக்கிறது என்று ஊகிக்கலாம். கூடவே தோலின் வெப்பம், உடம்பின் அசைவு. இரவு முழுக்க இவற்றைச் சேர்த்து வைத்துக் காலையில் ப்ளூடூத் வழியாகப் போனுக்கு அனுப்பும்.

இந்த மோதிரத்தின் இரண்டாம் தலைமுறை வரை சந்தா கிடையாது. 2021 அக்டோபரில் மூன்றாம் தலைமுறையை 299 டாலரில் தொடங்கி விற்றபோது மாதம் 5.99 டாலர் சந்தாவும் வந்தது. கட்டாதவர்களுக்குக் காலையில் மூன்று எண்கள் கிடைக்கும்: தூக்கத்துக்கு ஒன்று, உடம்பின் தயார்நிலைக்கு ஒன்று, நடமாட்டத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் நூற்றுக்கு இவ்வளவு என்று ஒரு மதிப்பெண். அதற்குமேல் விவரம் வேண்டுமென்றால் சந்தா.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தயார்நிலைக்கு 62 என்று மோதிரம் சொல்ல வேண்டுமானால், அது நேற்றிரவு நாடித் துடிப்பையும் தோல் வெப்பத்தையும் தூக்கத்தையும் அளந்தே ஆக வேண்டும். சந்தா கட்டாதவர் விரலிலும் அளவு எடுக்கப்படுகிறது, போனுக்கு வருகிறது, கூட்டிக் கழிக்கப்படுகிறது. கூட்டுத்தொகையைக் காட்டிவிட்டு, அது எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கிறார்கள். பிள்ளையின் மார்க் ஷீட்டில் மொத்த மதிப்பெண்ணை மட்டும் அச்சடித்து, எந்தப் பாடத்தில் எவ்வளவு என்று தெரிய மாதாமாதம் பணம் கட்டச் சொன்னால் எந்தத் தாய் தகப்பன் சும்மா இருப்பார்கள்? மதிப்பெண் 85இலிருந்து 62க்கு இறங்கியது காய்ச்சல் வரப்போவதாலா, ராத்திரி ரொம்ப நேரம் விழித்திருந்ததாலா என்பதுதான் ஒருவருக்குத் தெரிய வேண்டியது. தன் உடம்பிலிருந்து எடுத்த அளவைத் தனக்கே காட்டப் பணம் கேட்பது, இருக்கைச் சூட்டைவிட எனக்கு வலிக்கிறது.

ஆராய்ச்சிக்குச் செலவாகிறது, கணக்கிடும் முறைகளை வருஷா வருஷம் மேம்படுத்துகிறோம், சர்வர் ஓடுகிறது என்பது கம்பெனிகளின் பதில். அதில் உண்மை இருக்கிறது. எத்தனை பங்கு உண்மை என்பதற்கு மற்றக் கம்பெனிகளைப் பார்க்கலாம். பெங்களூருவின் அல்ட்ராஹ்யூமன் இதே வகை மோதிரத்தை, அடிப்படை விவரங்களுக்கு மாதச் சந்தா இல்லை என்பதையே விளம்பரமாக வைத்து விற்கிறது. சில கூடுதல் வசதிகளைத் தனியாக விற்றுக்கொள்கிறது. ஃபிட்பிட் 2021இல் அன்றாடத் தயார்நிலை மதிப்பெண்ணைச் சந்தாதாரருக்கு மட்டும் என்று கொண்டுவந்தது. பின்னால் அதையே எல்லோருக்கும் இலவசமாக்கியது. கையில் இருந்த பட்டை மாறவில்லை, அதன் உணரிகள் மாறவில்லை. பூட்டு எங்கே விழ வேண்டும் என்ற கம்பெனியின் முடிவு மாறியது, அவ்வளவுதான். இன்று நமக்குச் சாதகமாக மாறிய முடிவு நாளை எதிராகவும் மாறலாம்.

இனி காசுக் கணக்கு. 299 டாலர் மோதிரம், மாதம் 5.99. ஐம்பதாவது மாதத்தில், அதாவது நாலு வருஷமும் இரண்டு மாதமும் ஆகும்போது, சந்தாவாகக் கட்டியது மோதிரத்தின் விலையைத் தொட்டுவிடும். அதற்குள் மோதிரம் என்ன நிலையில் இருக்கும்? உள்ளே இருப்பது அரிசி மணி அகலத்துக்கு வளைந்த ஒரு சின்ன லித்தியம் பேட்டரி. எல்லா லித்தியம் பேட்டரியையும் போல அதுவும் தேயும். பிசினால் மூடி ஒட்டிய மோதிரத்தைப் பிரித்து வேறு பேட்டரி போட முடியாது. எனவே மாதச் சந்தாவை இந்த மாதத்தின் செலவாகப் பார்க்கக் கூடாது. பொருள் எத்தனை வருஷம் உழைக்கும் என்று மதிப்பிட்டு, அத்தனை வருஷத்துச் சந்தாவையும் வாங்கும் விலையோடு கூட்டி, அதுதான் பொருளின் விலை என்று கடையில் நிற்கும்போதே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வூப் பட்டை இதில் கொஞ்சம் வெளிப்படையானது. அதில் பட்டைக்குத் தனி விலை இல்லை. சந்தாவைத்தான் விற்கிறார்கள், பட்டை அதோடு வருகிறது. கட்டுவதை நிறுத்தினால், திரைகூட இல்லாத அந்தப் பட்டை வெறும் துணிதான். ஆனால் வாங்கும்போதே அது தெரியும்.

காருக்கு இந்தக் கணக்கில் இன்னொரு வரி சேர்க்க வேண்டும். வண்டி பத்துப் பதினைந்து வருஷம் ஓடும். செல்போன் தலைமுறை அவ்வளவு காலம் நிற்பதில்லை. அமெரிக்காவில் 3ஜிக்கு நடந்தது எங்கேயும் நடக்கலாம். அன்று சந்தா கட்டத் தயாராக இருப்பவருக்கும் சேவை கிடைக்காது. அதனால், தினமும் நம்பியிருக்கும் ஒரு வசதி சர்வர் வழியாக மட்டுமே இயங்குகிறது என்றால், வண்டியின் ஆயுளுக்கு முன்பே அது போய்விடும் என்று எண்ணியே வாங்குவது நல்லது.

எது எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஷோரூமில் விற்பனையாளரே உதவக்கூடிய ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. காரோடு இணைத்த போனை விமான நிலைக்கு மாற்றச் சொல்லுங்கள். பிறகு சாவியாலும் டாஷ்போர்டுத் திரையாலும் என்னவெல்லாம் இயங்குகிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். சாவியால் வண்டி ஸ்டார்ட் ஆகிறதா? இருக்கைக் குளிர்ச்சி வருகிறதா? இவை வண்டிக்குள்ளேயே முடியும் வேலைகள். இதற்கு மாதப் பணம் கேட்டால் அது பூட்டுக்கான பணம். போன் செயலி வழியாக மட்டும் நடப்பவை சர்வரைச் சார்ந்தவை. திரையில் தெரியும் நேரடிப் போக்குவரத்து நெரிசல், குரலால் கேட்டால் இணையத்திலிருந்து வரும் பதில் போன்றவை காரின் சிம்மில் ஓடுவதால் போனை அணைத்தாலும் இயங்கும். அவற்றையும் சர்வர் பக்கமே எழுதிக்கொள்ளுங்கள். இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. இன்று இயங்குவது மூன்று வருஷம் கழித்தும் இயங்குமா என்பதை இது சொல்லாது. டொயோட்டாவின் சாவியும் முதல் மூன்று வருஷம் ஒழுங்காகத்தான் இயங்கியது. அதற்கு, இலவசக் காலம் முடிந்ததும் நின்றுவிடும் வசதிகள் எவை என்ற பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அந்தப் பட்டியலில் சிவப்புப் பொத்தான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இலவசக் காலம் எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படுகிறது என்பதையும் கேளுங்கள்.

பணம் தானாகப் பிடிக்கப்படுவது பற்றி ஒரு வார்த்தை. இலவசக் காலம் தரும்போதே கார்டு எண்ணை வாங்கிவைத்துக்கொள்ளும் பழக்கம் உடற்பயிற்சிச் செயலிகளில் அதிகம். இதில் நம் நாட்டு ரிசர்வ் வங்கி விதி நமக்கு நல்ல காவல். 2021 அக்டோபர் முதல், நம் வங்கிக் கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் பிடிப்பதானால், பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால் வங்கி நமக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அந்த எஸ்எம்எஸ் வந்ததும் படித்துப் பார்த்தால், வேண்டாத சந்தாவை அதிலிருந்தே நிறுத்தலாம். விளம்பரக் குறுஞ்செய்திகளின் நடுவில் அதைத் தள்ளிவிடுவதால்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

அண்ணன் கடைசியில் சந்தாவைப் புதுப்பித்தார். ஏசிக்காக இல்லை, மகள் அழுத்திய பொத்தானுக்காக. அவருக்கு வேறு வழி தெரியவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. இரண்டு வருஷம் கட்டினார். 2025இல் அந்த வண்டியைத் திண்டுக்கல்லில் ஒருவருக்கு விற்றார். ஆர்சி மாற்றினார், இன்சூரன்ஸ் மாற்றினார், இரண்டு சாவியையும் கொடுத்தார். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

மூன்று வாரம் கழித்து அவர் கடையில் உட்கார்ந்திருந்தேன். போனில் ஏதோ தேடிக்கொண்டிருந்தவர் அந்தப் பழைய செயலியைத் தெரியாமல் தொட்டுவிட்டார். திறந்தது. வண்டி இருக்கும் இடம் வரைபடத்தில் நீலப் புள்ளியாகத் தெரிந்தது. திண்டுக்கல்லில் ஒரு தெரு, ஒரு வீட்டு வாசல். பூட்டு, திற என்று இரண்டு பொத்தான்கள் கீழே பளிச்சென்று இருந்தன. சந்தா அண்ணன் பெயரில் இன்னும் நாலு மாதம் பாக்கி.

அவர் போனை மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு வண்டி வாங்கியவரைக் கூப்பிட்டார்.

“தம்பி, நான் மதுரையிலேர்ந்து பேசுறேன், கார் கொடுத்தேன்ல. வண்டி இன்னும் என் போன்லயே இருக்குப்பா. இப்ப வீட்டு வாசல்ல நிக்குது, சரியா? அதை நான் இங்கேர்ந்து எடுத்துவிடுறேன். நீங்க உங்க பேர்ல ஏத்திக்கணும். ஏத்துற வரைக்கும் அந்தச் சிவப்புப் பொத்தான் வேலை செய்யாது, வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிவைங்க.”

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “எந்தப் பொத்தான் சார்?” என்றார் அவர்.